இதய வால்வில் கிருமி: நான்கு வார ஊசியின் கணக்கு

கேள்வி: "அப்பாவுக்கு 54 வயசு. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலால மிட்ரல் வால்வு கசிவு. இப்போ வால்வுல இன்ஃபெக்‌ஷன்னு ரத்தக்குழாய்ல ஊசி போடறாங்க. நாலாம் நாளே காய்ச்சல் நின்னுடுச்சு. ஆனா நாலு வாரம் போடணுமாம். மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாதா? பில் ஏத்தத்தான் இப்படியா?"

பில்லுக்காக இல்லை. நாலாம் நாளில் கிருமி செத்தது ரத்தத்தில்தான், வால்வில் இல்லை.

அப்பாவின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. அதனால் கசியும் மிட்ரல் வால்வில் அடிக்கடி காணும் நிலையை வைத்துச் சொல்கிறேன்: கல்ச்சரில், அதாவது ரத்தத்தைப் பாட்டிலில் விட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளர்ந்தது வாயில் வாழும் விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், எக்கோவில் வெஜிடேஷன் எனும் கிருமிக் கட்டி 8 மில்லிமீட்டர், மருந்து செஃப்ட்ரையாக்சோன் தினம் ஒரு வேளை 2 கிராம். ரிப்போர்ட்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றோ என்டரோகாக்கஸ் என்றோ இருந்தால் மருந்தும் வேறு, நாள் கணக்கும் வேறு. அங்கே பெரும்பாலும் ஆறு வாரம். செயற்கை வால்வு என்றாலும் ஆறு வாரத்துக்குக் குறையாது.

கிருமி எப்படி அங்கே போய் உட்கார்ந்தது என்று தெரிந்தால் மீதி தானாகப் புரியும். வால்வின் மேல்தோல் நல்ல நிலையில் இருக்கும்போது அதில் எதுவும் எளிதில் ஒட்டாது. அப்பாவின் வால்வு சரியாக மூடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையிலிருந்து மேலறைக்கு ரத்தம் அந்த இடுக்கு வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் எப்படிச் சீறும், அப்படி. இடுக்கைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று குறைந்து, ஓரத்தில் ரத்தம் சுழல்கிறது. உரசித் தேய்ந்த தோலில் தட்டணுக்களும் ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் நாரும் படிந்து ஒரு சின்ன ரத்தக்கட்டு உண்டாகிறது. இந்தக் கட்டத்தில் அதில் கிருமி எதுவும் இல்லை.

1963-ல் சைமன் ராட்பார்ட் என்ற ஆய்வாளர் இதைச் சோதனையில் காட்டினார். கிருமி வளர்க்க உதவும் அகர் கூழால் ஆன, நடுவில் குறுகலான ஒரு குழாய் வழியாகக் கிருமி கலந்த காற்றை வேகமாகச் செலுத்தினார். கிருமிகள் வளர்ந்தது குறுகலைத் தாண்டிய உடனே, அழுத்தம் விழுந்த இடத்தில், வளையம் போல. மிட்ரல் கசிவில் வெஜிடேஷன் மேலறைப் பக்கம் வருவதும், அயோர்டிக் கசிவில் கீழறைப் பக்கம் வருவதும் இதனால்தான்.

கிருமி வந்த வழி பெரும்பாலும் ஈறு. பல் பிடுங்கினால்தான் என்று இல்லை. ஈறு வீங்கி ரத்தம் கசிகிறவருக்குப் பல் துலக்கும்போதும் மெல்லும்போதும் கொஞ்சம் கிருமி ரத்தத்தில் கலக்கும். நம் எல்லோருக்கும் நடக்கிற விஷயம், உடல் சில நிமிடங்களில் அதைத் துடைத்துவிடும். அப்பாவுக்கு ஒட்டுவதற்கு இடம் தயாராக இருந்தது. இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸில் சில வகைகள் சர்க்கரையிலிருந்து பசை போன்ற டெக்ஸ்ட்ரானைச் செய்து பூசிக்கொள்ளும். பல்லில் ஒட்டிக்கொள்ள உதவும் அதே பசை ரத்தக்கட்டிலும் பிடிக்கும். ஒட்டிய கிருமி தட்டணுக்களைத் தூண்டுகிறது. அவை மேலே இன்னொரு படலமாகப் படிகின்றன, அதன் மேல் ஃபைப்ரின், அதன் மேல் மறுபடியும் கிருமி. கிருமி தன்னை நம் ரத்தத்தாலேயே மூடிக்கொள்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். முற்றிய வெஜிடேஷனில் கிராமுக்கு 100 கோடிக் கிருமிகளோ அதற்கு மேலோ இருக்கலாம். 8 மில்லிமீட்டர் உருண்டை ஏறக்குறைய கால் கிராம், ஆக 25 கோடி. முதல் சில நாள் மருந்தில் ஆயிரத்தில் 999 செத்தன என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் 2.5 லட்சம் மிச்சம். ரத்தத்தில் கிருமி கொட்டுவது நின்றதால் காய்ச்சல் நின்றது. மருந்தை நிறுத்தினால் அந்த மிச்சம் மறுபடி பெருகும்.

மிச்சம் இருப்பவை சாவதற்கு ஏன் இத்தனை நாள்? பெனிசிலினும் செஃப்ட்ரையாக்சோனும் கிருமி தன் சுவரைக் கட்டும்போது அதைக் கெடுத்துக் கொல்பவை. பிரியாமல் சும்மா கிடக்கும் கிருமியிடம் அவற்றுக்கு வேலை குறைவு. வெஜிடேஷனின் ஆழத்தில் நெரிசலும் பட்டினியுமாக இருப்பதால் அங்குள்ள கிருமிகள் பெரும்பாலும் அரைத்தூக்கத்தில் கிடக்கின்றன. இன்று ஒன்று, நாலு நாள் கழித்து இன்னொன்று என்று விழித்துப் பிரியும். விழிக்கும் நேரத்தில் மருந்து அங்கே இருந்தாக வேண்டும். வேறு இடத்தில் என்றால் மிச்சத்தை வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொள்ளும். இந்தக் கட்டிக்குள் ரத்தக்குழாய் கிடையாது, ஃபைப்ரின் வலைக்குள் வெள்ளை அணுக்களும் அதிகம் நுழைவதில்லை. கடைசிக் கிருமி வரை மருந்தேதான் கொல்ல வேண்டும்.

குழாய் இல்லாததால் மருந்தும் வெளியிலிருந்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும். வெளியே ரத்தத்தில் அளவு ஏற ஏற, ஊறுவதும் ஆழமாகும். 2 கிராம் செஃப்ட்ரையாக்சோன் ஏறி முடிந்ததும் ரத்தத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். அதில் பெரும்பங்கு ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும், பத்தில் ஒரு பங்கு போல்தான் வேலை செய்யும். ஆனாலும் எளிதில் கட்டுப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸை அடக்க லிட்டருக்கு 0.12 மில்லிகிராமோ அதற்கும் குறைவோ போதும். இத்தனை மடங்கு அதிகமாக வைப்பது அந்த ஆழத்துக்காக. அமாக்சிசிலின் 500 மாத்திரை ஒன்று போட்டால் ரத்தத்தில் 10-ஐ எட்டுவதே அரிது. வாந்தி எடுத்தால், ஒரு வேளை மறந்தால், அதுவும் இல்லை.

"டென்மார்க்கில் மாத்திரை கொடுத்துக் காட்டிவிட்டார்களே" என்று இங்கே யாராவது எழுதுவார்கள். உண்மைதான். போயட் என்ற அந்த ஆய்வில் 400 பேர் இருந்தார்கள். மாத்திரைக்கு மாறியவர்கள் ஊசியிலேயே தொடர்ந்தவர்களை விட மோசமாகவில்லை. ஆனால் அதன் நிபந்தனைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் குறைந்தது 10 நாள் ஊசி. காய்ச்சல் இறங்கி, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். உணவுக்குழாய் வழி எக்கோவில் சீழ்க்கட்டி இல்லை என்று உறுதியாக வேண்டும். அதன் பிறகும் ஒரு மாத்திரை அல்ல, வெவ்வேறு வழியில் கொல்லும் இரண்டு மருந்துகள், அதிக அளவில். நாலாம் நாளில் ஒரு சீட்டு எழுதி அனுப்புவதற்கு அந்த ஆய்வு ஆதாரமாகாது. ஜென்டாமைசின் சேர்த்து இரண்டு வாரத்தில் முடிக்கும் முறையும் உண்டு. சிக்கல் எதுவும் இல்லாத, சிறுநீரகம் நன்றாக உள்ள சிலருக்கு மட்டும் அது பொருந்தும். சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் பல மருத்துவர்கள் நான்கு வாரத்தையே விரும்புவார்கள்.

செலவுதான் கவலை என்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இரண்டு வாரம் சிக்கலின்றிப் போனால், மீதி நாட்களுக்குத் தினம் ஒருமுறை வந்து ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பலாமா என்று கேளுங்கள். செஃப்ட்ரையாக்சோன் ஒரு வேளை மருந்து என்பதால் இது முடியும். ஆபத்து வந்தால் உடனே திரும்பும் தூரத்தில் வீடு இருக்க வேண்டும். நாட்களை எண்ணுவது முதல் ஊசியிலிருந்து அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து தொடங்கிய பிறகு மறுபடி ரத்தம் எடுப்பார்கள். எந்த நாள் எடுத்த ரத்தத்தில் கிருமி வளரவில்லையோ அந்த நாள்தான் முதல் நாள். 1-ம் தேதி ஊசி தொடங்கி, 3-ம் தேதி எடுத்த கல்ச்சர் சுத்தம் என்றால் 28 நாள் முடிவது 30-ம் தேதி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், மனம் பொறுக்கவில்லை. வாரக்கணக்கில் காய்ச்சல் என்று வருகிறவர்களில் எத்தனையோ பேர், கடையில் சீட்டில்லாமல் வாங்கிய அசித்ரோமைசினையோ செஃபிக்ஸிமையோ இரண்டு மூன்று சுற்று விழுங்கிவிட்டு வருகிறார்கள். வால்வு கசிவு உள்ளவர் என்று தெரிந்தும் கல்ச்சர் எடுக்காமல் ஊசியைத் தொடங்கும் இடங்களும் உண்டு. இந்த நோயில் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு நூறு கிருமி கூட இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் மூன்று தனித்தனி இடங்களில் குத்தி, ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுக்கச் சொல்வது. முன்னாடியே போட்ட நாலு மாத்திரை வால்வில் ஒன்றும் செய்யாது, ஆனால் பாட்டிலில் கிருமி வளராமல் செய்துவிடும். பெயர் தெரியாத கிருமிக்கு ஊகத்தில், கடுமையான மருந்துகளை வாரக்கணக்கில் கொடுக்க நேர்கிறது. அப்பாவுக்குக் கிருமியின் பெயர் கிடைத்திருந்தால், முதல் நாள் ரத்தம் எடுத்தவர் சரியாக வேலை செய்திருக்கிறார்.

வார்டில் இருக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை சில. முதல் இரண்டு வாரங்களில்தான் வெஜிடேஷனிலிருந்து துண்டு உடைந்து மூளைக்குப் போகும் ஆபத்து அதிகம். பேச்சுக் குழறினால், ஒரு கை தளர்ந்தால், அந்த நிமிடமே சொல்லுங்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் வால்வு கிழிந்திருக்கலாம். அப்போது மருந்து முடியக் காத்திருக்காமல் அறுவை செய்ய வேண்டி வரலாம். நின்ற காய்ச்சல் மூன்றாம் வாரம் திரும்பினால் முதலில் கையைப் பாருங்கள். வென்ஃப்ளான் குத்திய இடம் சிவந்து, நரம்பு கயிறு போலத் தடித்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். கை சுத்தமாக இருந்தால் மருந்தே காய்ச்சல் தந்திருக்கலாம், அல்லது வால்வைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கலாம். இ.சி.ஜி. அடிக்கடி எடுப்பது இந்தச் சீழுக்காகத்தான். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போகும் நேரம் காகிதத்தில் ஐந்து சின்னக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும். நேற்று நாலு கட்டமாக இருந்தது இன்று ஆறு என்றால், சீழ் மின்பாதையைத் தொட்டுவிட்டது என்று சந்தேகப்படுவார்கள். அயோர்டிக் வால்வில் இது அதிகம், மிட்ரலில் குறைவு.

அப்பா 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்பவராக இருந்தால், "அது போட்டும் ஏன் வந்தது?" என்று தோன்றும். அந்த ஊசி ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமல் இருக்க மட்டும். வால்வில் கிருமி ஒட்டுவதை அது தடுக்காது. அதை நிறுத்தவும் வேண்டாம். ஒருமுறை இந்த நோய் வந்தவர் என்பதால், இனி பல் பிடுங்கவோ ஈறு சுத்தம் செய்யவோ போனால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு தனியாக ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும். வழக்கமாக அது அமாக்சிசிலின் 2 கிராம். 21 நாள் ஊசியில் இருப்பவருக்கு வேறு வகை மருந்து தருவார்கள், காரணம் அவர் வாயில் உள்ள கிருமி பெனிசிலினுக்குப் பழகியிருக்கலாம். பல் மருத்துவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள்.

ஊசி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு மாதம்தான் நோய் திரும்பக்கூடிய காலம். அந்த நாட்களில் 100 டிகிரியைத் தாண்டிக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்காதீர்கள், நேராக அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் முதலில் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.