விலையேற்றப் பிரிவு: பில் அல்ல, குறியீடு

“ஜல்லி, டைல்ஸ் எல்லாம் விலை ஏறிடுச்சு. வாங்கின பில்லைக் காட்டினால் வித்தியாசம் முழுசா கிடைக்குமா?”

கிடைக்காது. மத்திய பொதுப்பணித் துறை ஒப்பந்தத்தின் 10சிசி பிரிவில் உங்கள் பில்லுக்கு இடமே இல்லை. மொத்த விலைக் குறியீடு எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் கணக்கு. டெண்டர் போடக் கடைசி நாள் இருந்த மாதம்தான் அடிப்படை. சிமெண்ட், கம்பிக்கு 10சிஏ என்று தனிப் பிரிவு இருக்கிறது. அவை இந்தப் பொருள் கணக்கில் வராது.

உதாரணமாக, இந்தக் காலாண்டு வேலை 1 கோடி என்று வையுங்கள். அதில் 85 சதவீதம்தான் கணக்கில் வரும்: 85 லட்சம். ஒப்பந்தத்தில் பொருள் பங்கு 40 சதவீதம் என்றால் 34 லட்சம். குறியீடு 150-லிருந்து 165 ஆனால் ஏற்றம் 10 சதவீதம், கிடைப்பது 3.40 லட்சம். நீங்கள் 25 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருந்தாலும் அதேதான். குறியீடு இறங்கினால் பிடித்தமும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சைட்டில் உங்கள் கையில் இருப்பது, வேலை தடைபட்ட காரணங்களைக் குறிக்கும் தடைப் பதிவேடு. வரைபடம் தாமதமாக வந்ததா, இடம் ஒப்படைக்கவில்லையா? அன்றே எழுதி, பொறியாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். தாமதம் உங்கள் தவறு என்று முடிவானால், கெடு தாண்டிய வேலைக்குப் புதிய ஏற்றம் சேராது.