ஹாஸ்டலுக்கு எத்தனை ட்ரெஸ்? கப்போர்டைப் பாக்காதீங்க, கொடியைப் பாருங்க

கேள்வி: சென்னையில லேடீஸ் ஹாஸ்டல்ல சேரப் போறேன். கப்போர்ட் ரொம்ப சின்னது, துணி துவைக்க ஞாயித்துக்கிழமை மட்டும்தான் முடியும். கம்மியான ட்ரெஸ்ல எப்படி சமாளிக்கிறது?

காலேஜ்ல சுடிதார், குர்தா மட்டும்தான் போடணும்னு ரூல் இருக்கும், கையாலதான் துவைப்பீங்கன்னு வெச்சுக்கிட்டு எழுதுறேன். வாஷிங் மெஷின் இருந்தா இதுல பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

நான் சென்னையில ஹாஸ்டல்ல இருந்துதான் டிகிரி முடிச்சேன். கப்போர்ட்னு குடுத்தது ரெண்டு தட்டு, கீழ ஒரு ட்ராயர், அவ்ளோதான். ஆனா அந்த இடத்துக்குள்ள துணியை அடுக்குறது எனக்குப் பிரச்சனையாவே இல்ல, ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில எனக்குக் கெடைக்கிற கொடி எவ்வளவு, ஊறவைக்க எத்தனை பக்கெட், இது ரெண்டும்தான் பிரச்சனை. ரூம்ல நாலு பேருக்கு ஒரே கொடி. ஒரு ஆளுக்கு ஆறேழு குர்தா காயப்போட்டா இடம் முடிஞ்சுது. அதுக்கு மேல நீங்க எத்தனை ட்ரெஸ் வெச்சிருந்தாலும் அது அழுக்காவே மூட்டையில கெடக்கும்.

அதனால கணக்கு இப்படித்தான் போடணும். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் 6 குர்தா. ஞாயிறு துவைக்கும்போது போட்டுக்க பழைய டீஷர்ட் போதும். துவைச்சது திங்கக்கிழமை காலைல காயாம இருந்தா போட 1, மழைக்காலத்துல ரெண்டு நாள் ஆகும், அதுக்கு இன்னொண்ணு. மொத்தம் 8. பேன்ட் அவ்வளவு வேணாம், ஒண்ணை ரெண்டு நாள் போடலாம், 4 இருந்தா தாராளம். துப்பட்டா 3. நைட்டுக்கு ரெண்டு செட். கல்யாணம், காலேஜ் ஃபங்ஷன்னு வந்தா போட ஒரே ஒரு நல்ல ட்ரெஸ். உள்ளாடை மட்டும் 10க்கு குறையக் கூடாது, அதையும் ஞாயிறு வரைக்கும் சேத்து வெக்காதீங்க, தினமும் குளிக்கும்போதே அலசிப் போட்டுருங்க.

"8 குர்தாவா, நாங்கெல்லாம் மூணே ட்ரெஸ்ல காலேஜ் முடிச்சோம்"னு யாராவது கமென்ட்ல வருவாங்க. அவங்க தினமும் துவைக்க முடிஞ்சவங்களா இருப்பாங்க. வாரத்துக்கு ஒரு தடவைதான்னா சென்னை வேர்வைக்கு ஒரு குர்தாவை ரெண்டு நாள் போட முடியாது, நான் சுத்தம் பாக்குறவள்னு காட்டிக்கிறதுக்காக சொல்லல.

அடுத்தது கலர், இதைத்தான் எல்லாரும் மேட்சிங்குக்காகப் பாக்குறாங்க, ஹாஸ்டல்ல பக்கெட்டுக்காகப் பாக்கணும். உங்ககிட்ட சிவப்பு, வெள்ளை, மஞ்சள், கருநீலம்னு நாலு விதமா இருந்தா நாலு தடவை தனித்தனியா ஊறவைக்கணும், ஞாயித்துக்கிழமை தண்ணி வர்ற நேரத்துக்குள்ள அது நடக்காது. என் ரூம்மேட் ஒருத்தி அவசரத்துக்கு புது மெரூன் குர்தாவையும் வெள்ளைத் துப்பட்டாவையும் ஒண்ணா முக்கிட்டா, துப்பட்டா திட்டுத் திட்டா ரோஸ் ஆயிடுச்சு, அப்புறம் என்ன போட்டும் அது போகல. நான் எடுத்துட்டுப் போனது எல்லாமே கருநீலம், பாட்டில் க்ரீன், சாம்பல், கறுப்பு, இந்தப் பக்கம்தான். பேன்ட் ரெண்டு கறுப்பு, ரெண்டு கருநீலம். எந்த குர்தாவையும் எந்த பேன்ட்டோடயும் போடலாம், எல்லாத்தையும் ஒரே பக்கெட்ல ஊறவைக்கலாம். புதுத்துணின்னா முதல்ல உள்பக்கத் தையல்ல ஈரமான வெள்ளைத் துணியை வெச்சு நல்லா தேச்சுப் பாருங்க, கலர் ஒட்டுச்சுன்னா அது ஒட்டாம நிக்கிற வரைக்கும் தனியாத்தான் துவைக்கணும். அரை மணி நேரம் ஊறினா போதும், ராத்திரி முழுக்க ஊறப்போட்டா சாயமும் இறங்கும் வாடையும் வரும்.

அடர் கலர்ல ஒரு குறை உண்டு, வேர்வை காஞ்சா வெள்ளையா உப்புக் கோடு தெரியும். ப்ளெய்னா எடுக்காம சின்னச் சின்னப் பூ, புள்ளி போட்டதா எடுங்க, உப்புக் கோடும் சுருக்கமும் அதுல அவ்வளவா தெரியாது. காயப்போடும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டா வெயில்ல வெளுக்குறது குறையும்.

துணி என்னன்னு கேட்டா மெல்லிசு காட்டன்தான். ரேயான் கடையில தொட்டுப் பாக்க வழவழன்னு நல்லாருக்கும், ஆனா நனைஞ்சா பலம் குறைஞ்சிடும், அழுத்திப் புழிஞ்சா நூல் இழுக்கும், முதல் ரெண்டு தண்ணியிலயே நீளம் சுருங்கும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனா அக்குள் வாடை அதுல அப்படியே புடிச்சுக்கும், துவைச்சு எடுத்து மறுபடி போட்டு உடம்பு சூடானதும் அதே வாடை வரும். ஜீன்ஸ் ஆசைப்பட்டா ஒண்ணே ஒண்ணு. டர்க்கி டவல் எடுத்துட்டுப் போகவே போகாதீங்க, ஈரோட்டுல நெய்யிற மெல்லிசு காட்டன் துண்டு ரெண்டு போதும், ராத்திரி ஃபேன் காத்துலயே காஞ்சுடும்.

போட்ட ட்ரெஸ் ஞாயிறு வரைக்கும் காத்திருக்கணும் இல்லையா, அதுதான் இருக்குறதுலயே முக்கியம். கழட்டினதும் மூட்டையில திணிக்காதீங்க. உள்பக்கத்தை வெளிய திருப்பி ஒரு ராத்திரி ஹேங்கர்ல மாட்டி ஈரம் போனப்புறம்தான் அழுக்குப் பையில போடணும், பையும் காத்து போற வலைப்பையா இருக்கட்டும். ஈரத்தோட அமுக்கி வெச்சா நாலஞ்சு நாள்ல மிளகு தூவின மாதிரி கரும்புள்ளி வரும். அது பூஞ்சை, சோப்புக்கு அசையாது.

காஞ்ச துணியை எடுக்கும்போதும் நடுவுல தொட்டுப் பாத்துட்டு எடுக்காதீங்க. அக்குள் தையல், பேன்ட் இடுப்பு எலாஸ்டிக், பாக்கெட் மடிப்பு, இந்த இடங்களை கன்னத்துல வெச்சுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம் இருக்கு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சென்னையில மேல காஞ்ச மாதிரி இருக்கும், தையல்ல ஈரம் நிக்கும், அதை மடிச்சு உள்ள வெச்சா மொத்த கப்போர்டும் வாடை அடிக்கும். அந்த மூணு மாசத்துக்கு ஜீன்ஸை வீட்டுலயே விட்டுட்டு மெல்லிசு பேன்ட் ஒண்ணு கூட எடுத்துட்டு வாங்க.

இதை எழுதும்போதே எனக்கு கோவம் வருது, சொல்லிடறேன். எங்க ஹாஸ்டல்ல சாயங்காலம் 6 மணி ஆனா மொட்டை மாடியைப் பூட்டிடுவாங்க. அதுக்குள்ள எடுக்காத துணி ராத்திரி பனியில கெடந்து காலைல மறுபடி ஈரம். அதே காலேஜோட பசங்க ஹாஸ்டல்ல மாடிக்குப் பூட்டே கெடையாது. கேட்டா பாதுகாப்புன்னாங்க. துப்பட்டா பின் பண்ணணும்னு ரூல் போடத் தெரியுது, அந்தத் துப்பட்டாவைக் காயப்போட இடம் குடுக்கத் தெரியல. மாசக் கணக்கா லெட்டர் எழுதிக் குடுத்தும் நான் வெளிய வர்ற வரைக்கும் ஒண்ணும் மாறல. சேர்றதுக்கு முன்னாடி ரூமைப் பாக்குற மாதிரி மாடியையும் பாத்துட்டு, எத்தனை மணிக்குப் பூட்டுவாங்கன்னு கேட்டு வெச்சுக்கோங்க. அங்கேயும் சாயங்காலமே பூட்டுவாங்கன்னா ரூமுக்குள்ள ஜன்னல்ல இருந்து கட்டில் கம்பி வரைக்கும் கட்ட ஒரு நைலான் கயிறும் ஒரு டஜன் கிளிப்பும் எடுத்துட்டுப் போங்க. குர்தா ரெண்டு குறைச்சாலும் பரவால்ல, கயிறை விட்டுடாதீங்க.