அரை மணிக்கும் ஒரு மணிக்கும் கதை ஏன் அடங்குகிறது? தொலைக்காட்சி நேர அளவுகள் பற்றிய கேள்வி பதில்

திரைக்கதை மாணவி: அமெரிக்கத் தொடர்கள் 22 நிமிடம் அல்லது 42 நிமிடம் என்றே இருக்கின்றன. மனிதருடைய கவனம் அவ்வளவு நேரம்தான் தாங்கும் என்று கண்டறிந்து வைத்த அளவா இது?

இல்லை. அரை மணியிலும் ஒரு மணியிலும் விளம்பரத்தைக் கழித்தபின் மிஞ்சுவதே இந்த 22-ம் 42-ம். கேட்க வேண்டியது அரை மணியும் ஒரு மணியும் எங்கிருந்து வந்தன என்பதைத்தான். அதற்கு விடை வானொலியில் இருக்கிறது.

1926-இல் என்பிசி, 1927-இல் சிபிஎஸ் என்ற அமெரிக்க வானொலி நிறுவனங்கள் தொடங்கியபோது, நியூயார்க்கில் நடக்கும் நிகழ்ச்சி தொலைபேசிக் கம்பிகள் வழியே பல ஊர்களின் உள்ளூர் நிலையங்களுக்குச் சென்று, அங்கிருந்து ஒலிபரப்பானது. அந்த நிலையங்கள் நாள் முழுவதும் தலைமை நிலையத்தோடு இணைந்திருக்கவில்லை. சில நிகழ்ச்சிகளுக்கு இணைவதும், பிறகு விலகித் தங்கள் பெயரை அறிவித்து உள்ளூர் விளம்பரத்தையோ செய்தியையோ சொல்வதுமாக இருந்தன. எந்த நொடியில் இணைவது, எந்த நொடியில் விலகுவது என்பது எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தாக வேண்டும். நிகழ்ச்சிகள் கால் மணி, அரை மணி, ஒரு மணி என்று கடிகார முள்ளோடு ஒட்டி முடிந்ததற்கு முதற்காரணம் இதுவே. விளம்பரதாரருக்கு நேரத்தை விற்கவும் இதே அலகுகள் வசதியாக அமைந்தன.

கவனத்தின் எல்லை இதில் காரணமில்லை என்பதற்கு ‘கைடிங் லைட்’ என்ற தொடரே போதும். அது 1937-இல் வானொலியில் கால் மணி நேரத் தொடராகத் தொடங்கி, 1952-இல் அதே அளவோடு தொலைக்காட்சிக்கு வந்தது. 1968-இல் அரை மணியாகவும் 1977-இல் ஒரு மணியாகவும் நீண்டது. நாற்பது ஆண்டுகளில் பார்ப்பவருடைய கவனம் நான்கு மடங்கு பெருகிவிடவில்லை. பிற்பகல் நேரத்தை விற்கும் கணக்குத்தான் மாறியது.

பழைய ரசிகர்: அப்படியானால் விளம்பரக் கம்பெனிதான் முதலாளி. இடைவேளைக்கு ஒரு முடிச்சு போடு என்று அவர்கள்தானே ஆரம்பத்திலிருந்தே எழுதச் சொன்னார்கள்?

முதற்பகுதி சரி, இரண்டாம் பகுதி சரியில்லை. வானொலிக் காலத்திலும் தொலைக்காட்சியின் தொடக்க ஆண்டுகளிலும் விளம்பரம் தரும் ஒரு நிறுவனமே முழு நிகழ்ச்சிக்கும் பொறுப்பேற்றது. நிகழ்ச்சியின் பெயரிலேயே அந்த நிறுவனத்தின் பெயர் இருப்பதும் உண்டு. அத்தகைய உரிமையாளர் கதையில் தலையிட்டார் என்பது உண்மை. ஆனால் நிகழ்ச்சி முழுவதும் தம்முடையதாக இருக்கும்போது, அதை அடிக்கடி நிறுத்தும் தேவை அவருக்கு இல்லை. தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அவருடைய பொருளைப் பற்றிச் சொன்னால் போதும்.

நாம் இன்று அறிந்த இடைவேளை, பல விளம்பரதாரர்கள் ஒரே நிகழ்ச்சியின் நிமிடங்களைத் தனித்தனியாக வாங்கத் தொடங்கியதன் விளைவு. என்பிசியின் தலைவராக இருந்த பேட் வீவர், பத்திரிகை தன் பக்கங்களைப் பலருக்கு விற்பதைப் போலத் தொலைக்காட்சியும் நிமிடங்களை விற்க வேண்டும் என்று 1950-களில் வாதிட்டார். அந்தப் பத்தாண்டின் இறுதியில், வினாடி வினா நிகழ்ச்சிகளில் போட்டியாளர்களுக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டது அம்பலமானபோது, நிகழ்ச்சியின் கட்டுப்பாட்டை விளம்பரதாரரிடமிருந்து தொலைக்காட்சி நிறுவனங்கள் தம் கைக்குக் கொண்டுவர அதுவே நல்ல நியாயமாக அமைந்தது. இடைவேளைக்கு ஏற்பக் கதையை எழுதும் கட்டாயம் விளம்பரதாரர் கதையின் உரிமையை இழந்த பிறகே முற்றியது என்பது எனக்கு இன்றும் சுவையான முரணாகத் தோன்றுகிறது.

திரைக்கதை மாணவி: ஒரு மணி நேரத் தொடரை உள்ளே எப்படிப் பிரிப்பார்கள்? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

1966-இல் வந்த ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் அமைப்பு மிகத் தெளிவானது. முதலில் டீசர் எனப்படும் சில நிமிடத் தொடக்கக் காட்சி, அதன்பின் நான்கு அங்கங்கள், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 50 நிமிடம். டீசரின் முடிவிலும் ஒவ்வோர் அங்கத்தின் முடிவிலும் திரை இருளும், விளம்பரம் வரும்.

இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஒரு மருத்துவமனைக் கதையை இந்த அமைப்பில் வைத்துப் பார்ப்போம். முதல் மூன்று நிமிடங்களில் காய்ச்சலோடு ஒரு சிறுவன் கொண்டுவரப்படுகிறான், மருத்துவர் அவன் கையில் எதையோ பார்த்துத் திடுக்கிடுகிறார், திரை இருள்கிறது. பார்ப்பவர் வேறு சேனலுக்குப் போகாமல் இருக்க இந்த ஒரு கேள்வி போதும். முதல் அங்கம் நோய் இன்னதென்று ஊகித்து, அந்த ஊகம் தவறு என்பதில் முடியும். இரண்டாம் அங்கத்தின் முடிவு கடிகாரத்தில் ஏறத்தாழ 9.30-ஐ ஒட்டி வரும். எழுத்தாளர் அதிகம் அஞ்சும் இடம் இதுதான், ஏனென்றால் அந்த நேரத்தில் போட்டிச் சேனலில் ஒரு புதிய அரை மணி நேர நிகழ்ச்சி தொடங்கும். ஆகவே கதையின் மிகப் பெரிய திருப்பம் அங்கே வைக்கப்படும்: அதே அறிகுறிகளோடு மருத்துவருடைய மகளும் சேர்க்கப்படுகிறாள். மூன்றாம் அங்கம் எல்லா வழியும் அடைபட்டதாகத் தோன்றும் நிலையில் முடியும். அதைக் கடந்தவர் பெரும்பாலும் இறுதிவரை இருப்பார் என்பதால், நான்காம் அங்கம் நிதானமாகத் தீர்வைச் சொல்லலாம்.

இது பிசகும் இடமும் உண்டு. கதையில் உண்மையான திருப்பம் இல்லாதபோதும் இடைவேளை வந்தே தீரும் என்பதால், எழுத்தாளர் ஒரு பொய் முடிச்சைப் போடுவார். கதவு மெல்லத் திறக்கிறது, இசை உயர்கிறது, விளம்பரம் வருகிறது. திரும்பி வந்தால் உள்ளே நுழைந்தவர் தேநீர் கொண்டுவந்த ஊழியர். இடைவேளைக்கு அடுத்த முதல் வசனத்திலேயே முந்தைய அச்சம் கரைந்துவிட்டால், அந்த முடிச்சு விளம்பரத்துக்காக மட்டும் போடப்பட்டது என்று கொள்ளலாம். நடந்ததையே பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் மீண்டும் சொல்லிக்கொள்வதும் இடைவேளையின் தடமே. அது அப்போதுதான் சேனலைத் திருப்பியவருக்கான வசனம்.

கணக்கர்: 50 நிமிடம் எப்படி 42 ஆனது?

அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு நடத்தை விதி வைத்திருந்தது. 1970-களில் இரவின் முக்கிய நேரத்தில் மணிக்கு ஒன்பதரை நிமிட விளம்பரம் என்பது அதன் வரம்பு. விளம்பர நேரத்தைச் செயற்கையாகக் குறைத்து விலையை ஏற்றுகிறார்கள் என்று அரசின் நீதித்துறை 1979-இல் வழக்குத் தொடுத்தது. 1982-இல் தீர்ப்பு சங்கத்துக்குப் பாதகமாக வந்ததைத் தொடர்ந்து அந்த வரம்பு கைவிடப்பட்டது. விளம்பரச் சந்தையைத் திறந்துவிட எடுத்த நடவடிக்கை, காலப்போக்கில் கதையிலிருந்து நிமிடங்களைப் பறித்தது.

நிமிடங்கள் குறைந்தபோது அங்கங்கள் குறையவில்லை, பெருகின. 1987-இல் வந்த ‘ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ டீசரோடு ஐந்து அங்கங்கள் கொண்டது, அதன் நீளம் ஏறத்தாழ 45 நிமிடம். 2000-களில் ஆறு அங்கங்கள் வரை சென்றன. பன்னிரண்டு நிமிட அங்கத்தில் ஒரு காட்சி மூச்சுவிட இடமிருந்தது. ஏழு நிமிட அங்கத்தில் இரண்டு மூன்று காட்சிகளுக்குள் ஒரு திருப்பத்தை எட்டியாக வேண்டும்.

இல்லத்தரசி, மதுரை: நான் பார்க்கும் இரவுச் சீரியலில் இருபது நிமிடம்கூடக் கதை இல்லை. இதற்கு எங்கே புகார் செய்வது?

புகார் செய்யும் வழியைச் சொல்வதற்கு நான் உரியவன் அல்லன். விதியை மட்டும் சொல்கிறேன். 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் வரலாம். அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த முன்னோட்டம். அதை நடைமுறைப்படுத்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் முனைந்தபோது விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. அரை மணிக்கு ஆறு நிமிடம் என்று வைத்தாலும் 24 நிமிடம் கதைக்கு மிஞ்ச வேண்டும். முந்தைய நாளின் தொகுப்பும் தலைப்புப் பாடலும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

உங்கள் சீரியலில் இன்னொன்றைக் கவனியுங்கள். நாள்தோறும் வரும் தொடருக்கு நாளைய பார்வையாளரே முக்கியம் என்பதால், பெரிய முடிச்சு ‘தொடரும்’ என்ற சொல்லுக்கு முன்னால் வைக்கப்படுகிறது. வாரத்துக்கு ஒருமுறை வந்து ஒவ்வொரு வாரமும் தனிக்கதை சொல்லும் அமெரிக்கத் தொடரில், பெரிய முடிச்சுகள் அத்தியாயத்துக்குள்ளேயே வர வேண்டியிருக்கிறது.

ஒளிபரப்புத் துறையில் பணியாற்றியவர்: பிரிட்டனை விட்டுவிட்டீர்கள். அங்கும் விளம்பரம் உண்டு, ஆனால் சட்டமே வேறு.

நன்றி, சரியான இடத்தைத் தொட்டீர்கள். அங்கே 1954-ஆம் ஆண்டின் தொலைக்காட்சிச் சட்டம், நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் வருவதானால் அது இயல்பான இடைவெளியில்தான் வர வேண்டும் என்றது. 1955 செப்டம்பர் 22 அன்று ஐடிவி என்ற விளம்பரச் சேனல் தொடங்கியது முதல் அந்த நிபந்தனை இருந்தது. நாடகத்தில் இயல்பான இடைவெளி எது என்று யார் முடிவு செய்வது? எழுத்தாளர்களே அங்கங்கே ஓர் இடைவெளியை உருவாக்கிக் கொடுத்தார்கள். எழுதி வைத்தது இயல்பானதாகிவிட்டது. விளம்பரமே இல்லாத பிபிசியும் அரை மணி, ஒரு மணி ஒழுங்கை விடவில்லை என்பது, நேர அளவும் விளம்பரமும் இரு வேறு காரணங்கள் என்ற என் கருத்துக்கு வலு சேர்க்கிறது.

அதே நபர்: ‘24’ தொடரில் இடைவேளையே கதைக்குள் வந்துவிடுகிறதே?

2001-இல் தொடங்கிய அந்தத் தொடரில் ஓர் அத்தியாயம் கதையின் ஒரு மணி நேரம். விளம்பரம் ஓடும்போதும் கதைக்குள் கடிகாரம் ஓடுகிறது. திரும்பி வரும்போது சில நிமிடங்கள் கடந்திருக்கும். பாத்திரங்கள் காரில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் சலிப்பான நேரத்தை விளம்பரத்துக்குள் ஒளித்துவிட முடிந்தது. விளம்பரமின்றிப் பார்த்தால் கடிகாரம் திடீரெனத் தாவுவது மட்டும் தெரியும்.

ஓடிடி பார்வையாளர்: இப்போது இதெல்லாம் தேவையே இல்லையே?

நேரக் கட்டாயம் தளர்ந்துவிட்டது. ஒரே தொடரில் 35 நிமிடமும் 70 நிமிடமும் வருகின்றன. ஆனால் 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் விளம்பரத்துடன் கூடிய குறைந்த கட்டணத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, இடைவேளையை எண்ணாமல் எழுதிய தொடர்களுக்குள் விளம்பரத்தை எங்கே நுழைப்பது என்ற சிக்கல் எழுந்தது. அங்க முடிவு இல்லாத கதையில் எந்த இடமும் வெட்டாகவே உறுத்தும்.

திரைக்கதை மாணவி: அப்படியென்றால் இடைவேளை கதைக்கு நல்லது என்கிறீர்களா? என் ஆசிரியர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

அவரோடு நான் முழுவதும் உடன்படவும் இல்லை, முழுவதும் மறுக்கவும் இல்லை. 1966-இன் நான்கு அங்க அமைப்பு கதையை இறுக்கியது என்பேன். ஆறு அங்க அமைப்பு அதை நொறுக்கியது என்பேன். எண்ணிக்கையில் எங்கே கோடு கிழிப்பது என்பதில் அத்தொழிலில் இருப்பவர்களே ஒத்துப்போவதில்லை. ஓர் அத்தியாயத்தை விளம்பரமின்றிப் பார்த்து, திரை இருளும் ஒவ்வோர் இடத்தையும் நிமிடத்தோடு குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் எழுந்த கேள்வி அடுத்த ஐந்து நிமிடங்களுக்காவது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்; பிறகு அந்தக் குறிப்போடு உங்கள் ஆசிரியரிடம் வாதிடலாம்.