கொடுத்த பொருளைக் கேட்டு வாங்குவது எப்படி? – ஒரு ஸ்டோர் கீப்பரின் கேள்வி பதில்

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் 19 வருஷமாகக் கருவி ஸ்டோரைப் பார்க்கிறேன். ஸ்பேனர் முதல் மின்கம்பியின் காப்பைச் சோதிக்கிற மெக்கர் வரை தினமும் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும்தான் என் வேலை. கேட்கத் தெரியாமல் கேட்டு ஒரு நல்ல நண்பரின் பேச்சை 2 வருஷம் இழந்தவளும் நான்தான். அந்தக் கதை கீழே வரும்.

குளச்சலில் மீன்பிடிப் போட்டு எஞ்சின் பட்டறை மெக்கானிக்: என் சொந்த டார்க் ரென்ச்சை கூட வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தர் வாங்கிட்டுப் போய் 3 மாசம் ஆகுது. அவரு மூத்தவரு. நேர்ல பார்த்தா வாய் வரமாட்டேங்குது. எப்படிக் கேக்க?

தம்பி, சந்தேகம் தெரிவது நீங்கள் கேட்பதால் இல்லை, சின்னச் சின்ன சொற்களால். "ரென்ச் உங்ககிட்டதானே இருக்கு?" என்பதில் வருகிற "தானே"யும், "இன்னும் வரலையே" என்பதில் வருகிற "இன்னும்" என்ற சொல்லும் ஆளைக் குத்திவிடும். "திருப்பிக் கொடுங்க" என்றாலும் அவர் தர மறுத்தது போலத் தொனிக்கும். அவர் எப்போது வாங்கினார், எத்தனை மாசம் ஆச்சு என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். அந்த ரென்ச்சுக்கு அடுத்து என்ன வேலை இருக்கிறது என்பதைச் சொன்னால் போதும்.

உங்களுக்கு உண்மையான காரணமே கையில் இருக்கிறது. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். போட்டுகள் கரைக்கு வந்ததும் எஞ்சின் ஹெட் கழட்டும் வேலை குவியும். ஹெட் போல்ட்டைக் கைக் கணக்கில் முறுக்க முடியாது, குறித்த அளவுக்கு முறுக்க டார்க் ரென்ச்தான் வேணும். அதனால் மே கடைசி வாரத்தில் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்:

"அண்ணே, 1-ந்தேதி தடை தொடங்குது, முதல் போட்டு ஹெட் கழட்ட வருது. டார்க் ரென்ச் வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் உங்க பக்கம் வாறேன், அப்பம் எடுத்துக்கிடட்டா? உங்க வேலை முடியலைன்னா சொல்லுங்க, சனிக்கிழமை வாறேன். எதாவது பழுதா இருந்தாலும் அப்படியே தாங்க, நான் பார்த்துக்கிடுதேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். என் அனுபவத்தில் நாள் கடத்துகிறவர்களில் பாதிப் பேர் பொருளை உடைத்தவர்கள், இல்லையென்றால் மூன்றாவது ஆளுக்குக் கைமாற்றியவர்கள். திருட நினைத்தவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். பழுதைச் சொல்ல ஒரு வாசல் திறந்து வைத்தால் அவர் உள்ளே வந்துவிடுவார். எங்கள் ஸ்டோரில் ஒரு கிளாம்ப் மீட்டர் 5 வாரம் வராமல் இருந்தது. இந்த ஒரு வரியைச் சேர்த்துக் கேட்ட அன்றைக்கே கண்ணாடி விரிசலோடு மேசைக்கு வந்தது.

வாங்கினதும் ஒன்று கவனியுங்கள். கிளிக் வகை ரென்ச்சை உயர்ந்த அளவில் முறுக்கி வைத்தபடி மாசக்கணக்கில் போட்டிருந்தால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து அளவு தப்பும். சந்தேகம் இருந்தால் அளவு சரிபார்க்கக் கொடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அதை அவரிடம் குறையாகச் சொல்ல வேண்டாம்.

மார்த்தாண்டத்தில் பள்ளிக் கணக்காளர்: என் ஹார்டு டிஸ்கை ஒரு மிஸ் வாங்கினாங்க, ஆண்டு விழா வீடியோ ஏத்த. அதுல என் வீட்டு போட்டோ எல்லாம் இருக்கு. அவங்க பார்ப்பாங்கன்னு பயந்து கேக்கறதா நெனச்சிடுவாங்களோ?

போட்டோ பேச்சையே எடுக்காதீர்கள் அக்கா. உங்கள் பயத்தைச் சொன்னால் அவர் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார். அவருடைய வீடியோவும் அதில்தானே கிடக்கிறது, அந்தப் பக்கமிருந்து பேசுங்கள்: "மிஸ், மாசக் கடைசிக் கணக்கை அதுல போட்டு வைக்கணும். உங்க வீடியோவை வேற எதுக்காவது மாத்திக்கிட எத்தனை நாள் வேணும்?" நாளை அவரே சொல்லட்டும். அவர் சொன்ன நாளில் கேட்கும்போது நீங்கள் நச்சரிப்பதாக இருக்காது. ஒன்று மட்டும், மாசக் கடைசிக் கணக்கு என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கணும். ஒரே ஆசிரியர் அறையில் பொய்க் காரணம் நிற்காது.

தக்கலை, அரசு அலுவலக உதவியாளர்: பக்கத்துப் பிரிவில் ஒருவர் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கோப்பை எடுத்துப் போனார். கேட்டால் "தேடுறேன்" என்கிறார்.

கோப்பு எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நேரில் கொடுங்கள். "சார், இதுல ஒரு பதில் கடிதம் சேர்க்கணும், உங்க கட்டுல நானும் சேர்ந்து தேடட்டா?" என்று கேளுங்கள். "தேடுறேன்" என்கிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, மேசையில் 40 கட்டு இருக்கும். ஆனால் இது உங்கள் பெயரில் நிற்கிற கோப்பு. யாரிடம், எந்தத் தேதியில் போனது என்பதை உங்கள் பதிவேட்டில் இன்றே குறித்து விடுங்கள். இரண்டு தடவை கேட்டும் வராவிட்டால் மேலதிகாரியிடம் சொல்லத்தான் வேண்டும், அதையும் அவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு.

நாகர்கோவிலில் ஐ.டி. ஊழியர்: இவ்வளவு எதுக்கு? ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல "சார்ஜர் எடுத்தவங்க வச்சிடுங்க" என்று பொதுவாகப் போட்டால் யாரும் புண்படமாட்டார்கள். எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

யார் எடுத்தார் என்று உங்களுக்கே தெரியாதபோது அது நல்ல வழி. ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், 30 பேர் முன்னால் பெயர் சொல்லாமல் அவரைக் காட்டுவதுதான் நடக்கும். அவருக்கும் அது புரியும்.

அதே ஊழியர்: ஆனா வந்துச்சே.

வந்தது சரி தம்பி. அடுத்த தடவை உங்களுக்கு எதாவது வேணும்னா அவர் தருவாரா என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கருங்கலில் இருந்து ஒருவர்: என் மச்சினன் 20,000 ரூபாய் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. இதே மாதிரி கேட்கலாமா?

அண்ணாச்சி, இங்கே பேசுவது கூட வேலை செய்கிறவர் வாங்கின பொருளைப் பற்றி. பொருள் அப்படியே இருக்கும், பணம் செலவாகியிருக்கும். "எடுத்துக்கிடட்டா" என்பது அங்கே செல்லாது. எத்தனை தவணையில் முடியும் என்று வீட்டுப் பெரியவரை வைத்துப் பேசுங்கள்.

வடசேரியில் ஒரு லேப் டெக்னீஷியன்: "அன்னைக்கே தந்துட்டேனே" என்று சொல்லிவிட்டார். தரவில்லை என்று எனக்கு நிச்சயம் தெரியும்.

எனக்கும் நிச்சயம் தெரிந்திருந்தது. ஒரு மெக்கர் காணவில்லை, "நீங்க தரலை" என்று நண்பரிடம் சொன்னேன். 11 நாள் கழித்து எங்கள் அலமாரியிலேயே வேறொரு மீட்டரின் பெட்டிக்குள் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன், அவர் தலையசைத்தார், பேச்சு மட்டும் 2 வருஷம் வரவில்லை. அதனால் முதலில் சொல்ல வேண்டியது: "அப்படின்னா நான்தான் எங்கேயோ வச்சிருப்பேன், தேடிப் பார்க்கேன். எந்த ரூம்ல, யார் கையில தந்தீங்கன்னு சொன்னா தேட வசதியா இருக்கும்." அதற்குப் பிறகு உண்மையாகவே தேடுங்கள். கிடைக்காவிட்டால்? யார் சொல்வது சரி என்று காட்ட எழுத்து எதுவும் இல்லாத இடத்தில் எனக்கு வழி தெரியவில்லை.

குளச்சல் மெக்கானிக் மீண்டும்: அக்கா, வெள்ளிக்கிழமையே ரென்ச் வந்துச்சு. ஆனா கூடத் தந்த 24 எம்.எம். சாக்கெட் வரல.

உடனே கேட்காதீர்கள், முதலில் நன்றி சொல்லி ரென்ச்சைத் துடைத்து வையுங்கள். தடைக்காலத்தில் 24 எம்.எம். போல்ட் வருகிற நாளில், "அண்ணே, அந்த 24 சாக்கெட் உங்க டூல் பெட்டியில கலந்து கிடக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்று கேளுங்கள். சாக்கெட் பெரும்பாலும் அப்படித்தான் கலந்து போகிறது.