பேங்க் லோனுக்கு டெக் போடுறவங்க கேட்ட கேள்விகள்: இஎம்ஐல ஆரம்பிச்சு பின்னாடி வாங்க

போன தடவை லோன் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், பேங்க்ல பிசினஸை எப்படி எடுத்து சொல்றது, அதுக்கு போடுற டெக்குல எத்தனை ஸ்லைடு, எதை முதல்ல போடணும். நான் கிளையில சிறுதொழில் லோன் ஃபைல் பாத்துட்டு இருந்தவன், அந்த நாற்காலில உக்காந்து பாக்குறப்போ என்ன தெரியும்ங்கிறதை வெச்சுதான் பதில் சொல்றேன்.

கேள்வி: கோயம்புத்தூர்ல சின்ன லேத் பட்டறை வெச்சிருக்கேன் சார், ஒரு சிஎன்சி ஓடுது, அதோட லோன் முடிஞ்சிடுச்சு. இன்னொரு சிஎன்சி வாங்கணும், கொட்டேஷன் 20 லட்சம். நெட்ல பாத்த டெக் எல்லாம் விஷன், மார்க்கெட் சைஸ்னு ஆரம்பிக்குது. நான் எங்க ஆரம்பிக்கிறது?

விஷன்ல ஆரம்பிக்காதீங்க தம்பி. அதெல்லாம் பங்கு வாங்கப்போற முதலீட்டாளருக்கு போடுற டெக். நீங்க பத்து மடங்கு வளந்தாலும் பேங்க்குக்கு கிடைக்கப்போறது அதே வட்டிதான், அதனால உங்க வளர்ச்சியை விட மாசாமாசம் இஎம்ஐ கட்ட பணம் எங்கிருந்து வரும்ங்கிறதுதான் அவங்களுக்கு கேள்வி. அதனால டெக்கை இஎம்ஐல இருந்து பின்னாடி கட்டிட்டு வாங்க, உங்க கேஸையே போட்டு காட்டுறேன்.

முதல்ல மொத்த செலவு. மிஷின் 20 லட்சம், அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 3.6 லட்சம், ஸ்டெபிலைசர் கம்ப்ரசர் வயரிங் எல்லாம் சேத்து 1.4 லட்சம்னு வெச்சுக்குவோம், ஆக 25 லட்சம். இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. 25ல முக்கால்வாசி, அதாவது 18.75 பேங்க் குடுக்கும், நாம 6.25 போட்டா போதும்னு ஸ்லைடுல எழுதிடுறாங்க. ஆனா ஜிஎஸ்டியை நீங்க இன்புட் கிரெடிட்டா திரும்ப எடுத்துக்குவீங்கன்னு சொல்லி பல பேங்க் அதை கணக்குலயே சேக்காது. அப்போ 21.4 லட்சத்துல முக்கால்வாசி, சுமாரா 16 லட்சம்தான் லோன், உங்க கைக்காசு 9 லட்சம். அந்த 2.75 லட்சம் வித்தியாசம் சாங்ஷன் லெட்டர் வந்த அப்புறம் தெரிஞ்சா, மிஷினுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு மீதிக்கு வட்டிக்கு வாங்க ஓடணும். முன்னாடியே கிளையில கேட்டுட்டு, 9 லட்சம் எங்க இருக்கு, எஃப்டியா நகையா சேமிப்பான்னு ஒரு வரி அதே ஸ்லைடுல போடுங்க.

அடுத்தது இஎம்ஐ. 16 லட்சம், 5 வருஷம், 11 சதவீத வட்டின்னு வெச்சா மாசம் சுமாரா 34,800 ரூபா வரும். இப்ப புது மிஷின் அதை சம்பாதிக்குமா பாருங்க. மணிக்கு 350 ரூபா ரேட், ரெண்டு ஷிப்டுன்னா 16 மணி நேரம், ஆனா செட்டிங், இன்சர்ட் மாத்துறது, மெட்டீரியல் வராம நிக்கிறது எல்லாம் போக நிஜமா ஓடுறது 12 மணி நேரம்தான்னு போடுங்க. மாசம் 25 நாள்னா 1,05,000 ரூபா வருமானம். ரெண்டு ஆபரேட்டர் சம்பளம் 36,000, கரண்ட் 13,000, இன்சர்ட் கூலன்ட் 10,000, மத்தது 4,000, ஆக 63,000 செலவு, மிச்சம் 42,000. இஎம்ஐக்கு மேல 7,200தான் நிக்குது, அதாவது 1.2 மடங்கு.

பேங்க்ல இதுக்கு டிஎஸ்சிஆர்னு பேர், வரி போன லாபம், தேய்மானம், வட்டி மூணையும் கூட்டி அந்த வருஷம் கட்டவேண்டிய அசல் வட்டியால வகுக்குறது. பொதுவா சராசரி 1.5க்கு மேல இருந்தா ஆபீசருக்கு தைரியம் வரும். இந்த மிஷின் மட்டும் அதை தராது, அதை மறைக்க மணி ரேட்டை 450னு ஏத்தி எழுதாதீங்க, உங்க ஊர்லயே ஜாப் ஒர்க் ரேட் அவங்களுக்கு தெரியும், பக்கத்து பட்டறை ஃபைலும் அதே மேஜைலதான் இருக்கும். அதுக்கு பதிலா பழைய பட்டறைல வீட்டுச் செலவும் வரியும் போக மாசம் மிஞ்சுற பணத்தை சேருங்க. அது 25,000னா மொத்தம் 67,000, இஎம்ஐக்கு 1.9 மடங்கு. வீட்டுச் செலவை கழிக்காம காட்டுற ஸ்லைடு நிறைய பாத்திருக்கேன், ஆனா உரிமையாளர் எடுக்குற பணம் பேங்க் ஸ்டேட்மென்ட்லயே தெரியும்.

அதுக்கு கீழயே கெட்ட மாசத்தையும் போடுங்க. ஆர்டர் குறைஞ்சு 10 மணி நேரம்தான் ஓடுதுன்னா வருமானம் 87,500, சம்பளம் குறையாது, கரண்டும் இன்சர்ட்டும் கொஞ்சம் குறையும், செலவு 59,500, மிச்சம் 28,000. மிஷின் தனியா இஎம்ஐ கட்டாது, 6,800 பத்தலை, ஆனா பழைய பட்டறையோட 25,000 சேந்து 53,000 ஆகுது, 1.5 மடங்கு. இந்த ஒரு ஸ்லைடு இருந்தா ஆபீசர் கேக்கப்போற பாதி கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க.

ஆக வரிசை இப்படி வரும்: முதல் ஸ்லைடுல யாரு, எத்தனை வருஷமா, எவ்வளவு லோன் எதுக்கு, எத்தனை மாசத்துல அடைப்பேன். ரெண்டாவது இப்போதைய பட்டறை, மூணு வருஷ விற்பனையும் லாபமும். மூணாவது யார் யாருக்கு வேலை செய்றீங்க, அதுல பெரிய பார்ட்டி எத்தனை சதவீதம், எத்தனை நாள்ல காசு தர்றாங்க. நாலாவது மொத்த செலவும் கைக்காசும். அஞ்சாவது மேல போட்ட கணக்கு, ஆறாவது கெட்ட மாசம், ஏழாவது செக்யூரிட்டி. அவ்வளவுதான், ஏழுக்கு மேல போக வேண்டாம். பார்ட்டிங்க 60 நாள் கழிச்சுதான் காசு தர்றாங்கன்னா மிஷின் ஓட ஆரம்பிச்சு முதல் ரெண்டு மாசம் சம்பளத்தை கையில இருந்து குடுக்கணும், அதனால இஎம்ஐ ஆரம்பிக்க சில மாசம் அவகாசம் கேக்குறதையும் முதல் ஸ்லைடுலயே எழுதுங்க, அந்த மாசங்களுக்கும் வட்டி ஏறும்ங்கிறதை மறந்துடாதீங்க.

கேள்வி: ஆடிட்டர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், பேங்க் கேக்குற கணக்கு அட்டவணையான சிஎம்ஏ டேட்டா எல்லாம் போட்டு குடுத்துட்டார். அப்புறம் எதுக்கு டெக்?

ஃபைலுக்கு அதுதான் வேணும், டெக் அதுக்கு மாத்து இல்ல. ஆனா நிறைய பேங்க்ல மேனேஜர் உங்களை பாப்பார், சாங்ஷன் போடுறவர் வேற ஆபீஸ்ல இருப்பார், உங்க முகமே தெரியாது. மேனேஜர் அங்க ஃபோன்ல உங்க கேஸை எடுத்து சொல்றதுக்கு கையில இருக்குறது அந்த ஏழு ஸ்லைடுதான். ஒரே ஒரு எச்சரிக்கை, டெக்குல இருக்குற ஒவ்வொரு நம்பரும் சிஎம்ஏல இருக்குறதோட ஒத்துப்போகணும். டெக்குல லோன் 16, ரிப்போர்ட்ல 18னு இருந்தா எது நிஜம்னு கேட்டு ஃபைல் திரும்பி வந்துடும், ஆடிட்டர் கூட உக்காந்து ஒருதடவை ரெண்டையும் பக்கத்துல வெச்சு டிக் பண்ணுங்க.

கேள்வி: மதுரைல ஸ்வீட் ஸ்டால். வருஷம் 60 லட்சம் வியாபாரம், ஆனா ஜிஎஸ்டில காட்டினது 32 லட்சம். 12 லட்சத்துக்கு ஓவர்டிராஃப்ட், அதாவது ஓடி லிமிட் வேணும். டெக்குல எதை போடுறது?

32தாங்க. கஷ்டமா இருந்தாலும் நேரா சொல்லிடுறேன், பேங்க்குக்கு தெரியிற வியாபாரம் ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஐடி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் மூணும் சொல்றதுதான். 60னு போட்டா மூணும் உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லும், அதோட வரி கட்டாததை நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

சின்ன தொழிலுக்கு ஓடி போடுறப்போ பேங்குங்க பாக்குறது நாயக் கமிட்டி கணக்கு. அடுத்த வருஷம் எதிர்பாக்குற விற்பனைல கால்வாசி நடைமுறை மூலதனமா தேவைன்னு எடுத்துக்குவாங்க, விற்பனைல 20 சதவீதம் பேங்க் தரும், 5 சதவீதம் உங்களுது. நீங்க கேக்குற 12 லட்சம் 60 லட்சத்துக்கு வர்ற தொகை. 32ல இருந்து அடுத்த வருஷம் 38னு காட்டினா லிமிட் 7.6 லட்சம், உங்க பங்கு 1.9 லட்சம். இந்த வருஷம் அதை கேளுங்க. கல்லாவுக்கு வர்றது எல்லாத்துக்கும் இன்னைக்குல இருந்து பில் போட்டு, யுபிஐ காசும் ரொக்கமும் கடை கணக்குலயே கட்டுங்க, ரெனிவலுக்கு வர்றப்போ அதிக லிமிட்டை ரிட்டர்னே கேட்டு வாங்கிக் குடுக்கும். 32ல இருந்து ஒரே தாவா 60க்கு ப்ரொஜெக்ஷன் போடுற யோசனையும் வேண்டாம், அதுக்கு காரணம் கேப்பாங்க, உங்க கிட்ட சொல்ற மாதிரி காரணம் இருக்காது.

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆரம்பிக்கப் போறேன் அண்ணா, இன்னும் விற்பனையே இல்ல. இந்தியா முழுக்க எண்ணெய் மார்க்கெட் எவ்வளவுன்னு போடலாமா?

வேண்டாம்மா, அந்த நம்பரை வெச்சு ஆபீசர் ஒண்ணும் பண்ண முடியாது. அந்த ஸ்லைடுல வாங்கப்போறவங்களை போடுங்க, எந்த மளிகைக் கடை மாசம் எத்தனை லிட்டர் எடுக்கறேன்னு கையெழுத்து போட்டு லெட்டர் குடுத்திருக்கு, எந்த ஹோட்டல் ட்ரயல் கேட்டிருக்கு. அஞ்சு லெட்டர் இருந்தா போதும். எள்ளு, கடலை என்ன விலைக்கு வாங்குறீங்க, நூறு கிலோவுக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் எத்தனை கிலோ புண்ணாக்கு கிடைக்கும்னு பக்கத்துல ஓடுற செக்குல பத்து நாள் நின்னு எழுதிட்டு வாங்க. புண்ணாக்கு வித்த காசை நிறைய பேர் கணக்குல விட்டுடுறாங்க, லாபம் பாதி அதுலதான் நிக்கும் சில இடத்துல.

கேள்வி: கொரோனா முடிஞ்ச சமயத்துல ஆரம்பிச்ச பழைய பைக் லோன்ல ரெண்டு தவணை லேட்டாச்சு. டெக்குல சொல்லாம விட்டா கண்டுபிடிப்பாங்களா?

மீட்டிங் முடியறதுக்கு முன்னாடியே பாத்துடுவாங்க, சிபில் ரிப்போர்ட்ல 36 மாசம் வரைக்கும் எந்த மாசம் எத்தனை நாள் லேட்டுன்னு வரும். நான் ஆபீசரா இருந்தப்போ ஒருத்தர் லேட்டே இல்லன்னு சத்தியம் பண்ணாத குறையா பேசினார், ரிப்போர்ட்டை திருப்பி காட்டினேன், தொகை சின்னதுதான், ஆனா அதுக்கப்புறம் அவர் சொன்ன மத்த நம்பரையும் என்னால நம்ப முடியல. முதல்ல நீங்களே ரிப்போர்ட் எடுத்து பாருங்க, அப்புறம் ரெண்டாவது ஸ்லைடு அடியில ஒரு வரி, எந்த மாசம், ஏன், எப்போ கட்டி முடிச்சீங்க. கட்டி முடிச்ச லோன் இன்னும் நிலுவைன்னு தெரிஞ்சா அதை திருத்தச் சொல்லி மனு போட்டுட்டு அப்புறம் பேங்க்குக்கு போங்க.

கேள்வி: வீட்டுப் பத்திரம் இருக்கு, அதை முதல் ஸ்லைடுல போட்டா சீக்கிரம் கிடைக்குமா?

கடைசில போடுங்க. முதல்லயே பத்திரத்தை நீட்டினா தொழில்ல இருந்து கட்ட முடியாதவர்னு தோணும். குறு சிறு தொழிலுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு, அதுக்கு மேலயும் சிறுதொழில் கடனுக்கான சிஜிடிஎம்எஸ்இ திட்டத்தோட கேரன்டில அடமானம் இல்லாம குடுக்க வழி இருக்கு, உத்யம் பதிவு மட்டும் கையில வெச்சுக்கங்க. ஆனா அந்த கேரன்டி பேங்க்குக்கு பாதுகாப்பு, உங்க கடன் அதனால தள்ளுபடி ஆகாது, அதுக்கான கட்டணமும் பெரும்பாலும் உங்க தலையிலதான் வரும், அதையும் அஞ்சாவது ஸ்லைடு செலவுல சேத்துட்டு அப்புறம் இஎம்ஐ மடங்கை திரும்ப போட்டு பாருங்க.