யாருடைய ETA?

கேள்வி: டப்ளினில் உள்ள வாடிக்கையாளருக்கு வால்வு கொட்டேஷன் அனுப்பும்போது இப்படி எழுதினேன்:

```
PFA revised quote. FYI, freight changed.
Pls share ETA for PO by EOD IST.
```

"ETA-வை நீங்கள்தானே சொல்ல வேண்டும்?" என்று பதில் வந்தது. எங்கள் ஆபீஸில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம். இதில் என்ன தவறு?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாடிக்கையாளர் கேட்டது நியாயமான கேள்வி. சரக்குப் போக்குவரத்தில் ETA என்றால் கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேரும் என்று எதிர்பார்க்கும் நாள். கட்டணம் பற்றிய வரிக்கு அடுத்தபடியாக அதைப் பார்த்தவர், வால்வுகள் டப்ளின் வந்து சேரும் நாளைத்தான் நினைப்பார். நீங்களோ அவருடைய பர்ச்சேஸ் ஆர்டர் என்று வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஆபீஸ்களில் ஒரு வேலை முடியும் நேரத்துக்கும் ETA என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் வெளியே இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. "பர்ச்சேஸ் ஆர்டரை எந்தத் தேதிக்குள் அனுப்புவீர்கள்?" என்று கேட்டிருந்தால் அன்றே பதில் கிடைத்திருக்கும்.

அதே வரியில் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: IST. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிவரை அயர்லாந்தின் நேரத்துக்கும் IST என்றே பெயர். அப்போது அது நம் நேரத்தைவிட 4.30 மணி நேரம் பின்தங்கியிருக்கும். நீங்கள் மாலை 6 மணியை மனதில் வைத்து எழுதியிருப்பீர்கள். அவர் தன் ஊரின் 6 மணி என்று எடுத்துக்கொண்டால், நமக்கு இரவு 10.30 ஆகிவிடும். EOD என்பதும் அப்படித்தான். யாருடைய வேலைநாள் முடிவு என்பது அதில் இல்லை. "ஜூலை 9, வியாழன், டப்ளின் நேரம் மாலை 5 மணி" என்று எழுதுங்கள். மாதத்தை எண்ணாக இடாமல் பெயராக எழுதினால், எது நாள், எது மாதம் என்ற குழப்பமும் வராது.

FYI-யை நீங்கள் போட்ட இடம் எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. 'தெரிந்துகொள்ளுங்கள், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்' என்பதுதான் அதன் பொருள். சரக்குக் கட்டணம் மாறினால் வாடிக்கையாளர் தரவேண்டிய தொகையே மாறும். அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். அந்தச் செய்தியை FYI-க்குப் பின்னால் வைத்தால், படிக்காமல் தாண்டிப் போகலாம் என்று நீங்களே சொன்னதுபோல் ஆகிறது. பிறகு இன்வாய்ஸ் போகும்போதுதான் தகராறு கிளம்பும். பழைய கட்டணம், புதிய கட்டணம், மாறியதற்கான காரணம், அவர் ஒப்புதல் தரவேண்டிய தேதி ஆகியவற்றைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். உள்ளூர் சகாவுக்கு ஒரு மெயிலை ஃபார்வர்டு செய்யும்போது, அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றால், FYI தாராளமாகப் போதும்.

Please find attached என்பதைக் குறிக்கும் PFA, இந்திய ஆபீஸ்களில் ஊறிப்போன சுருக்கம். வெளிநாட்டில் பலருக்கு அது புரியாது. புரிந்தாலும் அதனால் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் எந்தக் கோப்பு, அதில் என்ன மாறியிருக்கிறது என்று அது சொல்வதில்லை. ஃபைலை இணைக்க மறந்தால் எச்சரிக்கும் வசதி பல மெயில் செயலிகளில் உண்டு. அவை `attached` போன்ற சொற்களைத் தேடித்தான் எச்சரிக்கின்றன. வெறும் PFA-வைப் பார்த்து எச்சரிக்கும் என்று நம்ப முடியாது. எனவே முதலில் ஃபைலை இணையுங்கள், பிறகு அதைப் பற்றிய வாக்கியத்தை முழுமையாக எழுதுங்கள்.

உங்கள் மெயிலின் சாரம் இப்படி இருந்திருக்கலாம்:

"திருத்திய கொட்டேஷனை இணைத்துள்ளேன். வால்வு விலையில் மாற்றமில்லை. இரண்டாம் பக்கத்தில் உள்ள சரக்குக் கட்டணம் மட்டும் உயர்ந்துள்ளது; பழைய தொகையையும் அருகிலேயே கொடுத்திருக்கிறேன். புதிய கட்டணம் உங்களுக்குச் சம்மதம் என்றால், பர்ச்சேஸ் ஆர்டரை எந்தத் தேதிக்குள் அனுப்ப முடியும் என்பதை ஜூலை 9, வியாழன், டப்ளின் நேரம் மாலை 5 மணிக்குள் தெரிவியுங்கள்."

நான்கு வாக்கியங்கள்தான். எழுத ஒரு நிமிடம் கூடுதலாகும், ஆனால் திரும்பக் கேட்டு மெயில் வராது.

இதைப் படித்துவிட்டு எல்லாச் சுருக்கத்தையும் விரிக்கப் புறப்பட வேண்டாம். கொட்டேஷனில் வரும் FOB, CIF இரண்டும் சர்வதேச வணிகச் சபை விதிமுறை வகுத்த ஒப்பந்தச் சொற்கள். அவற்றை அப்படியே வைத்து, பக்கத்தில் துறைமுகத்தின் பெயரையும், அந்த விதிமுறையின் பதிப்பான `Incoterms 2020` என்பதையும் சேருங்கள். FOB என்றால் கப்பலில் ஏற்றும் துறைமுகம், CIF என்றால் போய்ச் சேரும் துறைமுகம். கப்பல் புறப்பட்ட பிறகு அனுப்பும் மெயிலில் `ETA Dublin` என்று எழுதித் தேதியைச் சேர்த்தால் போதும். அங்கே அந்தச் சுருக்கம் சரியான இடத்தில்தான் இருக்கிறது.