கூரை வீட்டுக்குள் முட்டை

வணக்கம். குழந்தைகளுக்கான உங்கள் விடுகதைத் தொடரை வாராவாரம் என் மகனுக்குப் படித்துக் காட்டுகிறேன். அவனுக்கு ஏழு வயது. சென்ற வாரம் ‘கூரை வீட்டைப் பிரித்தால் ஓட்டு வீடு, ஓட்டு வீட்டுக்குள்ளே வெள்ளை மாளிகை, வெள்ளை மாளிகை நடுவிலே குளம்’ என்று கேட்டிருந்தீர்கள். அவன் உடனே ‘முட்டை’ என்றான். என் மாமியார் சிரித்துவிட்டு, ‘தேங்காய்டா மண்டு’ என்று சொல்லிவிட்டார். பையனுக்கு முகம் தொங்கிவிட்டது. இந்த வாரம் விடுகதையே வேண்டாம் என்கிறான். எனக்கு இரண்டு கேள்விகள். முட்டை என்றது அவ்வளவு பெரிய தவறா? விடையை ஏன் அடுத்த பகுதி வரை இழுக்கிறீர்கள், அடியிலேயே தலைகீழாக அச்சிட்டுவிட்டால் என்ன?

ச., திருச்சி

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் மகன் முக்கால் கிணறு தாண்டியிருக்கிறான். அவன் சொன்ன விடையை விடுகதையின் ஒவ்வொரு சொல்லோடும் வைத்துப் பாருங்கள். முட்டைக்கு ஓடு உண்டு. ஓட்டுக்குள் வெள்ளை உண்டு. வெள்ளைக்கு நடுவே மஞ்சள் கரு கிடக்கிறது. அதைக் குளம் என்று ஒரு குழந்தை சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். கூரை வீடு ஒன்றுதான் பொருந்தவில்லை.

அதைவிட முக்கியமானது, இந்த விடுகதையின் முடிச்சு எங்கே இருக்கிறதோ அங்கே அவன் சரியாகக் கை வைத்திருக்கிறான். வீட்டின் மேல் வேய்கிற ஓட்டைச் சொல்லி, காயின் ஓட்டை ஒளித்துவைத்திருக்கிறார்கள். வீடு, மாளிகை, குளம் என்று கேட்கிறவர்கள் தெருவில் தேடிக்கொண்டிருக்கும்போது இவன் ‘ஓடு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் வந்துவிட்டான். இதற்குப் போய் மண்டு என்ற பட்டம் கொஞ்சம் அதிகம். (மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.)

அந்த இடத்தில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: “முட்டை ஓட்டுக்கு மேலே என்ன இருக்கிறது?” ஒன்றும் இல்லை என்பதை அவனே கண்டுபிடிப்பான். கூரை எங்கே என்று அவனே தேடத் தொடங்குவான். இன்னொரு துப்பும் அதிலேயே இருக்கிறது. ‘பிரித்தால்’ என்று சொல்லியிருக்கிறது. முட்டையை யாரும் பிரிப்பதில்லை, உடைக்கிறோம். கூரையைத்தான் பிரிப்பார்கள். தேங்காய் மட்டையையும் கடப்பாரையில் குத்தி, நார் நாராகப் பிரித்துத்தான் உரிக்கிறார்கள்.

ஆனால் உரிப்பதை உங்கள் மகன் பார்த்திருக்கிறானா? நகரத்துக் கடையில் தேங்காய் மட்டை இல்லாமல், மேலே ஒரு குடுமியோடு மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை தேங்காய் என்பது ஓட்டு வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. கூரை வீட்டை அவன் பார்த்ததே இல்லை. காய்ந்த தேங்காய் மட்டையின் பழுப்பு நிறமும் நாரும், வெயிலில் வெளுத்த தென்னங்கீற்றுக் கூரையோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது, கீற்று வேய்ந்த வீட்டைப் பார்த்தவருக்குச் சட்டென்று தெரியும். அடுக்கு மாடியில் வளரும் பையனுக்கு அந்த ஒப்புமையின் இரண்டு பக்கமும் இருட்டு. எனவே அவன் தவறியது அறிவால் அல்ல, பொருள் கண்ணில் படாததால். இந்த வாரம் மட்டையோடு ஒரு தேங்காய் வாங்கி வாருங்கள். நாரை அவன் கையாலேயே கொஞ்சம் பிய்க்கட்டும். விடை முன்பே தெரிந்துவிட்டது என்பதால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இதே விடுகதைக்கு ‘நுங்கு’ என்று ஒரு சிறுமியிடமிருந்து விடை வந்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வெள்ளை மாளிகை இருக்கிறது, நடுவில் குளமும் இருக்கிறது; முட்டையைவிட நல்ல குளம், தொட்டால் சட்டையில் தெறிக்கும். மேலே தடித்த மட்டையும் உண்டு. ஓட்டு வீட்டில்தான் சிக்கல். நுங்குப் பருவத்தில் ஓடு இறுகியிருக்காது; காய் முற்றி ஓடு கெட்டிப்படும் காலத்தில் குளம் வற்றிவிடும். போதாக்குறைக்கு, ஒரு காயில் பெரும்பாலும் மூன்று மாளிகைகள்! அடுத்த பகுதியில் தேங்காய் என்று எழுதும்போது நுங்கையும் முட்டையையும் சேர்த்து எழுதப்போகிறேன், எது எந்தச் சொல்லில் நழுவியது என்ற விவரத்தோடு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி இதுதான். விடைப் பகுதியில் ‘தேங்காய்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் போடுவதாக இருந்தால் உங்கள் யோசனையே சரி. தலைகீழாக அச்சிட்டுவிடலாம், குழந்தையும் தாளைத் திருப்பிவிடும். அப்போது அது விடுகதையாக இருக்காது, பொது அறிவு வினா விடையாகிவிடும். கேள்வியையும் விடையையும் மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த வீட்டுக் குழந்தையை மடக்கலாம், அவ்வளவுதான். தவறான விடைகள் வந்து சேர நாள் வேண்டும். அந்தத் தவறான விடைகள்தான் விடுகதையின் ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே நிற்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. முட்டை வந்திருக்காவிட்டால் ‘பிரித்தால்’ என்ற சொல்லை யார் கவனித்திருப்பார்கள்?

தொல்காப்பியத்தின் செய்யுளியலில் விடுகதைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர் பிசி. ஒப்புமையால் அமைவது ஒன்று, தோன்றுவதைச் சொல்லித் துணியவைப்பது மற்றொன்று என இரண்டு வகை. முதல் வகைக்கு உரையில் தருகிற எடுத்துக்காட்டு, ‘பிறை கவ்வி மலை நடக்கும்’. விடை யானை. நான்கே சொற்கள். பிறை தந்தம், மலை உடம்பு. ஆனால் ‘நடக்கும்’ என்ற சொல்தான் உயிர்நாடி. மலை நடக்காது என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். நடக்கிறது என்றால் அது மலை இல்லை. ஒப்புமையைச் சொல்லி ஒரு பக்கம் இழுத்து, பொருந்தாத ஒரு சொல்லைப் போட்டு மறு பக்கம் தள்ளுவதுதான் நல்ல விடுகதையின் வேலை. ‘இடி இடிக்கும், மின்னல் மின்னும், மழை பெய்யாது’ என்ற பட்டாசு விடுகதையிலும் கடைசி இரண்டு சொற்கள் செய்வது இதையே.

இப்படி இழுப்பும் தள்ளலும் உள்ள விடுகதைதான் ஒரு வாரம் தாங்கும். எல்லாம் தாங்காது. ‘காலையில் வந்த விருந்தாளியை மாலையில் காணோம்’ என்பதற்குச் சூரியன் என்று விடை சொல்வார்கள். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்: பனித்துளி, செய்தித்தாள், வாசல் கோலம் எல்லாம் வந்து நிற்கும். எதையும் தவறு என்று சொல்ல முடியாது. ‘எழுதி எழுதியே தேய்ந்து போனான்’ என்பதற்குப் பென்சில் விடை என்றால், சாக்பீஸ் என்ற குழந்தை என்ன பாவம் செய்தது? இவற்றை அன்றைக்கே கேட்டு அன்றைக்கே சிரித்து விட்டுவிட வேண்டும். ஏழு நாள் காக்க வைத்துவிட்டு ‘சூரியன்’ என்று அறிவித்தால், பனித்துளி சொன்ன குழந்தைக்கு நாம் அநியாயம் செய்கிறோம். தொடருக்குத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: வேறு விடை வந்தால் அதை மறுக்க விடுகதைக்குள்ளேயே ஒரு சொல் இருக்கிறதா? பம்பரத்துக்கு இருக்கிறது. ‘ஒற்றைக் காலில் சுற்றுவான், ஓய்ந்து போனால் படுப்பான்’. மின்விசிறி என்று சொன்னால் ‘படுப்பான்’ வந்து தடுத்துவிடும்.

வேறு காரணத்துக்காகத் தள்ளிவைப்பவையும் உண்டு. ‘அம்மா படுத்திருக்க மகள் ஓடித் திரிவாள்’ மிக அழகான விடுகதை. அம்மியும் குழவியும் இல்லாத வீட்டில் அதை எத்தனை வாரம் வைத்திருந்தும் பயன் இல்லை. சாதிப் பெயரை வைத்தோ உடலின் நிறத்தை வைத்தோ கிண்டல் செய்கிறவை பழைய தொகுப்புகளில் நிறைய கிடக்கின்றன. அவற்றை நான் தொடுவதில்லை.

ஒரு வாரம் எல்லா வயதுக்கும் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு அடுத்த சனிக்கிழமை என்பது அடுத்த யுகம். கேள்வியையே மறந்துவிடும். அதற்கு அன்று மாலையே அவிழ்த்துவிடுங்கள். ஏழு வயதுக்கு வாரம் தாங்கும், ஆனால் வெறுமனே தாங்காது. இடையிடையே துப்பு கொடுக்க வேண்டும். துப்பை எழுத்தில் கொடுக்காதீர்கள். ‘தே-யில் தொடங்கும்’ என்று சொன்ன உடனே குழந்தை கூரை, ஓடு, குளம் எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டுத் தேன், தேள், தேர் என்று அகராதியைப் புரட்டத் தொடங்கிவிடும். இடத்தில் கொடுங்கள். ‘சமையலறையிலும் இருக்கும், கோயிலிலும் இருக்கும்’ என்றால் படம் கலையாது, தேடும் பரப்பு மட்டும் சுருங்கும். அதற்கும் அசையாவிட்டால் பொருளையே கண்ணெதிரே கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுங்கள். சட்னிக்குத் தேங்காய் உடைக்கும்போது அவனைக் கிண்ணம் பிடிக்கச் சொன்னாலே போதும். குளத்துத் தண்ணீர் கிண்ணத்தில் விழும்போது அவனாகவே கத்துவான்.

பையன் இந்த வாரம் விடுகதை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். மாமியாரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். சொன்ன மாத்திரத்தில் தேங்காய் என்று அவிழ்த்தவரிடம், நான் எந்தத் தொகுப்பிலும் பார்த்திராத விடுகதைகள் நாலைந்தாவது இருக்கும். அவரைப் பேரனிடம் போடச் சொல்லுங்கள். போட்டவற்றை, அவர் எந்த ஊரில் யாரிடம் கேட்டார் என்ற குறிப்போடு எனக்கு எழுதி அனுப்புங்கள். விடைகளை மட்டும் தனித் தாளில்.

அன்புடன்,
தொடர் ஆசிரியர்